ஒரு மூளை, இரண்டு கொள்கை, 45 நிமிடம்

தேர்வுத்தாளில் கேள்வி ஒரே வரிதான். “மூளையின் செயல்கள் தனித்தனி இடங்களில் அமைந்தவை என்ற கருத்தையும், பரந்த வலைப்பின்னல்களில் அமைந்தவை என்ற கருத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுக.” உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய கேள்வி. அதனாலேயே விடைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகின்றன. மண்டையோட்டின் மேடுகளைத் தடவிக் குணம் சொன்ன கால் முதல் பத்தியில் வருவார். அடுத்த பத்தியில் ப்ரோக்கா, அதற்கடுத்து வெர்னிக்கி, பிறகு எலிகளோடு லாஷ்லி, கடைசியில் வண்ண வண்ண ஸ்கேன் படங்கள். “ஆகவே இரண்டு கொள்கைகளும் ஓரளவு சரியே” என்று முடிந்துவிடும்.

போன பருவத்தில் ஒரு மாணவி விடைத்தாளோடு வந்து நின்றாள். “மேடம், எல்லாரையும் எழுதியிருக்கேன், வருஷம்கூட தப்பில்ல. ஏன் பாதி மார்க்?” அவள் தாளில் மூன்றாவது பத்தியை விரலால் மறைத்து, “இதை எடுத்து முதல் பத்திக்கு மேல வச்சுட்டா ஏதாவது கெட்டுப்போகுமா?” என்று கேட்டேன். அவள் படித்துப் பார்த்தாள். எதுவும் கெடவில்லை. பத்திகளை இடம் மாற்றினாலும் பொருள் மாறவில்லை என்றால் அங்கே இருப்பது பட்டியல், வாதம் இல்லை. திருத்துபவர் அதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஒப்பிட வேண்டும் என்றால் எதை வைத்து ஒப்பிடுவது என்பது முதலில் வேண்டும். இந்தக் கேள்விக்கு நான் பிள்ளைகளிடம் சொல்லும் அளவுகோல் மூன்று கேள்விகள். ஒரு சிறிய இடம் மட்டும் கெட்டால் என்ன ஆகும்? இடங்கள் நன்றாக இருந்து அவற்றை இணைக்கும் நரம்பிழைகள் மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? கெட்டபின் நோயாளி தேறுவாரா?

கறாரான இடக் கொள்கை இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஓர் இடம் கெட்டால் அதற்குரிய திறன் மட்டும் போகும், மற்றவை அப்படியே இருக்கும். திறன் இடத்துக்குள்ளேயே இருப்பதால், இழை அறுந்தால் அந்தத் திறன் அழியக் கூடாது. இடம் செத்துவிட்டால் திறன் திரும்பவும் கூடாது. வலைக் கொள்கை ஒவ்வொன்றிலும் வேறு பதில் சொல்கிறது. சிறிய இடம் கெட்டால் வலையின் மற்றப் பகுதிகள் ஓரளவு ஈடுகொடுக்கும். இழை அறுந்தால், எந்த இழை என்பதைப் பொறுத்து அதற்கே உரிய கோளாறு தோன்றும். வலை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வதற்கேற்பத் திறன் திரும்பும். கொள்கைகள் இப்படி ஒன்றையொன்று முட்டும் இடத்தைக் காட்டிவிட்டால், அதன்பின் எழுதும் ஒவ்வொரு சான்றும் ஏதோ ஒரு பக்கத்துக்கு எடை கூட்டும் அல்லது குறைக்கும்.

சான்றுக்குப் பத்துப் பேர் வேண்டாம். ஒரே மூளை போதும். அது பாரிஸ் நகரத்தருகே பிசெத்ர் மருத்துவமனையில் வாழ்ந்த லெபோர்ன் என்பவருடையது.

அவருக்கு இளவயதிலிருந்தே வலிப்பு. முப்பது வயதளவில் பேச்சு போயிற்று. 1840-இல் மருத்துவமனைக்கு வந்தவர் அதற்குமேல் வெளியேறவில்லை. எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பதுதான் பதில். அங்கிருந்தவர்கள் அவரை அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு முழு வசவு வாயில் வரும். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் இப்படியே போனபின் வலது கை செயலிழந்தது, பிறகு வலது கால். 1861 ஏப்ரலில் அந்தக் காலில் ஏற்பட்ட கடும் தொற்றுக்காக அவரை அறுவை மருத்துவர் பால் ப்ரோக்காவிடம் கொண்டுவந்தார்கள். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று ப்ரோக்கா கேட்டார். லெபோர்ன் இடது கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்து, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21. கணக்கு சரி.

தேர்வுக்கு இந்த விரல்கள் முக்கியம். கேள்வி அவருக்குப் புரிந்தது, நினைவும் எண்ணும் இருந்தன, போனது பேச்சை வெளியே கொண்டுவரும் திறன்தான் என்பதற்கு அதுவே சான்று. ஒரு திறன் போய் மற்றவை நின்றன என்று காட்டினால்தான் இடக் கொள்கைக்கு அடித்தளம் கிடைக்கும். பெரும்பாலான விடைகளில் “டான்” வந்துவிடுகிறது. விரல்கள் வருவதில்லை.

ஏப்ரல் 17-ஆம் தேதி லெபோர்ன் இறந்தார். மறுநாள் ப்ரோக்கா அந்த மூளையைப் பாரிஸ் மானிடவியல் சங்கத்தில் வைத்தார். இடது முன்மடலின் மூன்றாவது மடிப்பை மையமாகக் கொண்டு பெரிய சிதைவு இருந்தது. சிதைவு அந்த மடிப்போடு நிற்கவில்லை என்பது ப்ரோக்காவுக்கும் தெரியும். அவர் செய்தது ஓர் ஊகம். முதல் பத்து ஆண்டு பேச்சிழப்பு மட்டும்தான் இருந்தது, கை கால் பின்னால் விழுந்தன. எனவே நோய் ஒரு சிறு இடத்தில் தொடங்கி மெல்லப் பரவியிருக்க வேண்டும். சிதைவு எங்கே மிகப் பழையதாகத் தெரிகிறதோ அங்கேதான் தொடக்கம், அதுவே பேச்சின் இடம். அழகான தர்க்கம்தான். ஆனால் இறந்தபின் பார்த்த ஒரு மூளையை வைத்து 21 ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கிக் கட்டிய தர்க்கம். சில மாதங்களில் லெலோங் என்ற முதியவரின் மூளையும் கிடைத்தது. ஐந்தே சொற்கள் மிஞ்சியிருந்தவர் அவர். சிதைவு அதே பக்கம், அதே மடிப்பு. நம்பிக்கை உறுதிப்பட்டது. “ப்ரோக்கா பகுதி” என்ற பெயர் பாடநூலுக்குள் போயிற்று.

நல்ல வேளையாக ப்ரோக்கா அந்த மூளைகளை வெட்டிப் பார்க்கவில்லை. முழுதாகவே பாதுகாத்து அருங்காட்சியகத்தில் சேர்த்தார். அதனால் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நீனா ட்ரோன்கர்ஸ் குழுவினரால் அவற்றை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்ய முடிந்தது. 2007-இல் முடிவு வெளியானது. வெளிப்பரப்பில் பார்த்ததைவிடச் சிதைவு வெகு ஆழத்தில் போயிருந்தது. இரண்டு மூளைகளிலும், முன்மடலைப் பின்பகுதிகளோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கட்டு சிதைந்திருந்தது. லெலோங்கின் மூளையிலோ, இன்று நாம் ப்ரோக்கா பகுதி என்று சொல்லும் இடத்தின் பின்புறம் ஒரு துண்டுதான் கெட்டிருந்தது. இடக் கொள்கையின் தாய்ச்சான்றாக நின்ற இரு மூளைகளுக்குள்ளேயே இழையறுப்பும் சேர்ந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். “ஆகவே ப்ரோக்கா தவறு, வலைக் கொள்கை சரி” என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்கேன் அப்படிச் சொல்லவில்லை. இடமும் இழையும் சேர்ந்தே கெட்டிருந்தால், பேச்சை எது பறித்தது என்று அந்த மூளையை வைத்துச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் அது சொல்வது. அதுவே போதுமான அளவு வலிமையான கருத்து. அதை உள்ளபடி எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும்.

இடமும் இழையும் ஏன் சேர்ந்தே கெடுகின்றன என்பதற்கு எளிய காரணம் உண்டு. பேச்சிழப்பு பெரும்பாலும் பக்கவாதத்தால் வருவது, பக்கவாதமோ இரத்தக்குழாய் அடைப்பால் வருவது. நடுப்பெருமூளைத் தமனியின் மேற்கிளை அடைத்தால், அது நீர் பாய்ச்சும் வயல் முழுதும் வாடும். ப்ரோக்கா பகுதி, அதனடியில் மறைந்திருக்கும் இன்சுலா, கீழே ஓடும் இழைகள் எல்லாம் அந்த ஒரே வயலில் கிடக்கின்றன. சிதைவின் எல்லையைப் போடுவது தமனி. செயலின் எல்லை அதனோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. நோயாளிகளை எத்தனை பேராகக் கூட்டினாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீராது, ஏனென்றால் எல்லாருக்கும் தமனி ஏறக்குறைய ஒரே பாதையில்தான் ஓடுகிறது.

அப்படியானால் சிறிய சிதைவு உள்ளவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். 1978-இல் ஜே.பி. மோர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. சிதைவு ப்ரோக்கா பகுதியோடு நின்றவர்களுக்குத் தொடக்கத்தில் வாய் அடைத்துப்போகிறது. ஆனால் அது வேகமாகத் தெளிகிறது. நீடித்து நிற்கும், தந்திவாசகம் போன்ற தட்டுத்தடுமாறும் பேச்சு வேண்டுமென்றால் சிதைவு இன்சுலாவையும் அடியிழைகளையும் சேர்த்துப் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. முதல் கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும் கறாரான இடக் கொள்கை சொன்னது நடக்கவில்லை. இடம் போயிற்று, பேச்சு திரும்பிற்று.

தேறுவது எப்படி என்பதற்கு ஒரு வரி விளக்கமாவது எழுத வேண்டும். கான்ஸ்டன்டின் ஃபான் மொனாக்கோவ் 1914-இல் தந்த கருத்து இங்கே உதவும். ஓரிடம் கெட்டதும் அதனோடு இழையால் இணைந்த, தாம் கெடாத தூர இடங்களும் சிறிது காலம் அடங்கிப்போகின்றன. உள்ளீடு நின்றுபோன அதிர்ச்சி அது. அவை மெல்ல விழித்துக்கொள்ளும்போது திறனின் ஒரு பகுதி மீள்கிறது. ஆனால் இடக் கொள்கைக்காரரும் பதில் சொல்லலாம். வீக்கம் வடிந்ததால் அதே இடத்தின் ஓரத்தில் எஞ்சிய திசு மறுபடி வேலைசெய்கிறது, அவ்வளவே என்பார். இரண்டும் ஒரே நோயாளிக்குள் நடக்கக்கூடியவை. தேறுவதை மட்டும் வைத்து வலைக் கொள்கைக்கு முழு வெற்றி கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது இழை அறுந்தால் என்ன என்பதற்கு, கார்ல் வெர்னிக்கியைக் கொண்டுவர வேண்டும். அவரைப் பற்றி நம் பாடக்குறிப்புகளில் இருப்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. “வெர்னிக்கி பகுதி: பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம்” என்று ஒரு வரி, முடிந்தது. இடக் கொள்கையின் இன்னொரு தூணாக அவரை நிறுத்திவிடுகிறோம். 1874-இல் 26 வயது இளைஞராக அவர் எழுதியது அதைவிடப் பெரியது. ஒலியின் நினைவு ஓரிடத்தில், பேச்சசைவின் நினைவு இன்னோரிடத்தில், இரண்டையும் இணைக்க ஒரு பாதை. எளிய வேலைகளுக்கு இடம் உண்டு, மொழி என்ற சிக்கலான திறனோ அவற்றின் இணைப்பில்தான் பிறக்கிறது என்றார் அவர். அதிலிருந்து ஒரு புதிய கோளாறு இருக்க வேண்டும் என்று கணித்தார். இரு இடங்களும் நன்றாக இருந்து பாதை மட்டும் கெட்டால், அந்த ஆளுக்குச் சொன்னது புரியும், பேச்சும் ஓடும், ஆனால் பேச்சில் சொற்கள் பிறழும். இந்தக் கணிப்பு வளர்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாத நோயாளிகளைப் பற்றிய வருணனை ஆயிற்று. அத்தகைய நோயாளிகளை மருத்துவர்கள் இன்றும் காண்கிறார்கள். அந்தக் கோளாறுக்குப் பாதை மட்டும்தான் காரணமா, அருகிலுள்ள புறணியுமா என்பதில் இப்போது விவாதம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கொள்கை முன்கூட்டிச் சொன்ன கோளாறு நோயாளிகளிடம் தேடக் கிடைத்தது என்பது சிறிய விஷயம் அல்ல. வெர்னிக்கியை வலைக் கொள்கையின் முன்னோடியாக எழுதும் மாணவர் மூலத்தைப் புரிந்துகொண்டவர் என்று திருத்துபவருக்கு உடனே தெரியும்.

இனி லாஷ்லியின் எலிகள். இவரை வலைக் கொள்கைக்காரர் என்று எழுதுவது பரவலான பிழை. கார்ல் லாஷ்லி 1929-இல் சொன்னது, எலியின் புறணியில் எந்த இடத்தை வெட்டினாய் என்பதைவிட எவ்வளவு வெட்டினாய் என்பதே புதிர்ப்பாதை கற்பதைத் தீர்மானிக்கிறது என்று. வலையில் முடிச்சுகள் உண்டு, முடிச்சுக்கு முடிச்சு வேறுபாடு உண்டு. லாஷ்லியின் புறணியில் அந்த வேறுபாடு இல்லை, எல்லா இடமும் சமம். அவர் கறாரான இடக் கொள்கைக்கு நேர் எதிர்முனை. அவருடைய சோதனையிலும் ஓட்டை உண்டு. புதிர்ப்பாதையில் ஓடும் எலி கண்ணால் பார்க்கிறது, மோப்பம் பிடிக்கிறது, மீசையால் சுவரைத் தடவுகிறது, தன் கால்களின் திருப்பத்தையும் உணர்கிறது. எதை வெட்டினாலும் இவற்றில் ஏதோ ஒன்று குறையும், மிச்சத்தை வைத்து எலி ஓட்டிக்கொள்ளும். நிறைய வெட்டினால் நிறையக் குறையும். புறணி முழுதும் சமம் என்றாலும் இதே முடிவுதான் வரும், பத்துத் தனி இடங்கள் இருந்தாலும் இதே முடிவுதான் வரும். இரண்டு கொள்கைகளையும் பிரித்துக் காட்டாத சோதனை அது. இந்த ஒரு விமரிசனத்தை நான்கு வரியில் எழுதினால், லாஷ்லியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதைவிட அதிகம் கிடைக்கும்.

இதுவரை சொன்னதை ஒரு பத்தியாக எழுதும்போது என்ன வேறுபாடு என்று பாருங்கள். வழக்கமாக வருவது இப்படி: “1861-இல் ப்ரோக்கா டான் என்ற நோயாளியை ஆராய்ந்து, பேச்சு இடது முன்மடலில் உள்ளது என்று கண்டுபிடித்தார். இது இடக் கொள்கையை நிரூபிக்கிறது. ஆனால் பிற்கால ஆய்வுகள் பேச்சில் பல பகுதிகள் ஈடுபடுவதைக் காட்டின.” பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் இதில் ஓர் அடிகூட முன்னே போகவில்லை. நான் எதிர்பார்ப்பது இப்படி: “சிறிய சிதைவு திறனை நிலையாக அழிக்கும் என்பது கறாரான இடக் கொள்கையின் கணிப்பு. லெபோர்ன் பேச்சை இழந்தும் கேள்வியைப் புரிந்து விரல்களால் பதில் சொன்னது இதற்கு ஆதரவு. ஆனால் அவருடைய சிதைவு சிறியது அல்ல. 2007 ஸ்கேனில் ஆழத்து இழைகளும் கெட்டிருந்தது தெரிந்தது. சிதைவு உண்மையிலேயே சிறியதாக இருந்தவர்களை மோர் பார்த்தபோது பேச்சு விரைவில் திரும்பியது. எனவே லெபோர்னின் மூளை, இந்தப் பகுதி பேச்சுக்குத் தேவைப்படும் வலையில் இருக்கிறது என்று காட்டுகிறது. பேச்சு இந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று காட்டவில்லை.” இந்தப் பத்தியில் வாக்கியங்களை இடம் மாற்ற முடியாது. ஒன்றின் தோள்மேல் அடுத்தது நிற்கிறது.

அந்தக் கடைசி இரு வாக்கியங்களின் வேறுபாட்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் எச்சரித்திருந்தார். பேச்சை அழிக்கும் சிதைவின் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு, பேச்சின் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு என்பது அவர் கருத்து. வகுப்பில் நான் மின்விசிறியைக் காட்டுவேன். சுவரில் இருக்கும் சுவிட்சைக் கழற்றினால் விசிறி நிற்கும். அதற்காகக் காற்று சுவிட்சுக்குள் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

நேரத்துக்கு வருவோம். 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் பேனா விடைத்தாளில் படக் கூடாது. கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளையும் இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரு கொள்கைகளின் கணிப்பை ஒரு சொல்லில் குறிக்கலாம். அதற்கெதிரே ஒரு சான்றின் பெயர். சிறு சிதைவு: லெபோர்ன், மோர். இழை: வெர்னிக்கி, 2007 ஸ்கேன். தேறுதல்: மோர், மொனாக்கோவ். லாஷ்லி தனியாக ஓரத்தில், எதிர்முனை என்று. கட்டத்தில் சான்று இல்லாத பெட்டி ஏதாவது இருந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுவது நல்லது, வெறும் கணிப்பை மட்டும் எழுதினால் பத்தி காற்றில் நிற்கும். பிறகு 35 நிமிடம் எழுத. கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். அவை மட்டுமே சேர்ந்து ஒரு வாதமாகப் படிக்கப்பட வேண்டும்.

மூளைப் படங்களுக்கு மனம் இழுக்கும். எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் ஓரிடம் ஒளிர்கிறது என்றால் அந்த வேலையின்போது அங்கே இரத்த ஓட்டம் கூடியது என்றுதான் பொருள். அந்த இடம் இல்லாமல் வேலை நடக்காது என்பதற்கு அது சான்றல்ல. அதோடு அந்தப் படம் பெரும்பாலும் கழித்தலில் கிடைப்பது. சொல்லைப் படிக்கும்போதைய ஓட்டத்திலிருந்து வெறும் குறிகளைப் பார்க்கும்போதைய ஓட்டத்தைக் கழிக்கிறார்கள். இரண்டு வேலைகளுக்கும் பொதுவான பகுதிகள் கழிந்துபோய், மிஞ்சுவது தீவுபோலத் தெரிகிறது. வலை இருந்தும் தீவாகத் தெரிவதற்கு இந்த முறையே ஒரு காரணம். இதற்கு மேல் படங்களில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

முடிவுரைதான் பலருக்குச் சரிகிறது. “இரண்டும் ஓரளவு சரி” என்பது முடிவே அல்ல. எங்கே எது எவ்வளவு சரி என்று சொல்ல வேண்டும். அதற்கு மொழியை விட்டு ஒரு நிமிடம் வெளியே போகலாம். ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையின் பின்புறம் குண்டு துளைத்த வீரர்களைத் தட்சூஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஆராய்ந்தார். முதல் உலகப்போரில் கோர்டன் ஹோம்ஸ் அதே வேலையைச் செய்தார். குண்டு பிடறிமடலில் எந்த இடத்தைத் துளைத்ததோ அதற்கேற்ற சரியான பகுதியில் பார்வை இருண்டிருந்தது. மடலின் பின்கோடியில் காயம் என்றால் பார்வையின் நடுவிலும், முன்னே தள்ளிக் காயம் என்றால் ஓரத்திலும் இருட்டு. வரைபடம் போட முடியும் அளவுக்குக் கறாராக இருந்தது. இங்கே இடக் கொள்கை நிற்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி புறணியைத் தொடும் முதல் வாசல் இது, அந்த வாசலுக்கு மாற்று வழி மிகக் குறைவு. தோல் உணர்வும் விரலசைவும் ஏறக்குறைய இதே வகை. வாசலிலிருந்து உள்ளே போகப் போக, ஒரே வேலைக்குப் பல வழிகள் சேர்கின்றன. மொழிக்கு வரும்போது ஓரிடத்தின் பெயரைச் சொல்லி நிறுத்த முடிவதில்லை.

அந்த மாணவி மறுபடி எழுதிக் கொண்டுவந்த விடையின் கடைசி வரி, லெபோர்ன் பார்வை இழந்திருந்தால் ப்ரோக்கா சரியாகச் சொல்லியிருக்க அதிக வாய்ப்பு இருந்திருக்கும் என்றது.